96 ரூபாய் ஃபிட்டரின் ஒரு மணி நேரம் 176 ரூபாய் ஆன கதை

கோவை கணபதிப் பக்கம் ஒரு பட்டறை. ஜிக், ஃபிக்ஸ்சர் செய்து கொடுப்பது தொழில். மொத்தம் 22 பேர், அதில் மூன்று பேர் ஃபிட்டர்கள். பம்ப் பாடியிலும் வால்வு பாடியிலும் துளை போடும்போது அதை ஆடாமல், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடித்து நிறுத்துகிற சாதனம்தான் ஃபிக்ஸ்சர். தட்டுகளை மெஷின்கள் வெட்டிக் கொடுத்துவிடும். அதன் பிறகு தட்டுகளை இடம் மாறாமல் நிறுத்தும் டவல் பின் துளையை ரீமர் போட்டு எடுப்பது, நீலம் தடவி ஒட்டிப் பார்த்து உயர்ந்த இடத்தைத் தேய்ப்பது, கிளாம்ப் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது எல்லாம் ஃபிட்டரின் கை வேலை. அதனால் கொட்டேஷனில் அதற்கென்று தனி வரி உண்டு: இத்தனை மணி, மணிக்கு இத்தனை ரூபாய்.

2024 நவம்பரில் அந்தப் பட்டறை உரிமையாளர் என்னைக் கூப்பிட்டது ஒரு வினோதமான புகாருக்காக. "தம்பி, மணிக்கணக்கு தப்புறதே இல்லைங்க. 64 மணின்னு போட்டோம், 66-ல முடிச்சோம். அப்புறம் எங்கீங்க காசு?" என்றார். அவர் காட்டிய வேலை ஒரு வால்வு பாடி டிரில்லிங் ஃபிக்ஸ்சர். ஃபிட்டிங்குக்கு 64 மணி, மணிக்கு 130 ரூபாய், ஆக 8,320 ரூபாய் வாங்கியிருந்தார். ஃபிட்டருக்கு மாதம் 20,000 ரூபாய் சம்பளம். 26 நாளால் வகுத்து, 8 மணியால் வகுத்தால் 96 ரூபாய். 130 வாங்கினால் மணிக்கு 34 ரூபாய் நிற்கும் என்பது அவர் கணக்கு. பல வருஷமாக அந்த 34 ரூபாயை நம்பித்தான் விலை சொல்லிவந்தார்.

மணி மதிப்பீட்டில் தப்பில்லை. 64-க்கு 66 என்பது இந்தத் தொழிலில் நல்ல மதிப்பீடு. தப்பு அந்த 96-ல் இருந்தது. அது ஒரு வகுத்தல்: மேலே செலவு, கீழே மணி.

மேலே வருவது: ஒரு வருஷச் செலவு

நான் மாதத்தை விட்டுவிட்டு வருஷத்தை எடுத்துக்கொண்டேன். போனஸ் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது, விடுமுறைகள் ஒரு மாதத்தில் மூன்றும் இன்னொரு மாதத்தில் சுழியும் வருகின்றன. மாதத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, ஏழு வருஷ சர்வீஸ் உள்ள ஒரு ஃபிட்டரை மட்டும் எடுத்தோம். மற்ற இருவருக்கும் சம்பளம் ஏறக்குறைய இதேதான்.

அவருடைய 20,000-ல் பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 15,000, வீட்டு வாடகைப் படியான எச்ஆர்ஏ 5,000. கையில் அவர் வாங்குவது 18,050. பிஎஃப்புக்கு அவர் பங்கு 12 சதவீதமும் (1,800 ரூபாய்), இஎஸ்ஐக்கு 0.75 சதவீதமும் (150 ரூபாய்) பிடித்தம் போய்விடுகிறது. இந்த 1,950 ரூபாய் ஏற்கெனவே 20,000-க்குள் இருக்கிறது, மறுபடி கூட்டக் கூடாது. கூட்ட வேண்டியது முதலாளி தன் பையிலிருந்து கட்டும் பங்கைத்தான்.

பிஎஃப்பில் அது 12 சதவீதம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் சலானில் 13 போகிறது: 12 சதவீதப் பங்கு, காப்பீட்டுத் திட்டத்துக்கு அரை சதவீதம், நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம். 15,000-க்கு 1,950 ரூபாய். தொழிலாளியின் பிடித்தமும் தற்செயலாக அதே 1,950 ஆக வந்ததால், ஆபீசில் இருந்த பையன் இரண்டையும் ஒன்றென்று நினைத்து முதலாளி பங்கையே விட்டுவிட்டிருந்தான். இஎஸ்ஐயில் முதலாளி பங்கு 3.25 சதவீதம். அதற்கு எச்ஆர்ஏவும் சேர்ந்த முழு 20,000 கணக்கில் வரும், ஆக 650 ரூபாய்.

போனஸ் இந்தப் பட்டறையில் தீபாவளிக்கு ஒரு மாத பேசிக், 15,000. சட்டப்படியான குறைந்தபட்ச 8.33 சதவீதத்தை இன்னும் சிறிய தொகையின் மேல் போட்டுக் குறைக்க வழியிருக்கிறது, ஆனால் இவர் அப்படிச் செய்வதில்லை. உண்மையில் எவ்வளவு கொடுக்கிறாரோ அதுதான் செலவு.

பணிக்கொடையில்தான் கொஞ்சம் வாக்குவாதம். "அது அஞ்சு வருஷம் இருந்தாத்தானுங்க, அதுவும் போகும்போதுதானே" என்றார். சரிதான், ஆனால் இந்த ஆள் ஏழு வருஷம் முடித்துவிட்டார், இனிமேல் ஒவ்வொரு வருஷமும் 15 நாள் சம்பளம் அவர் பேரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். 15,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 8,654 ரூபாய். இன்றைக்குப் பணம் கைமாறவில்லை என்பதற்காக இன்றைய வேலையின் விலையில் அதை விட்டால், அவர் போகிற வருஷத்து வாடிக்கையாளரிடமா போய் வாங்க முடியும்? மூன்று வருஷம்கூட ஆகாத ஆட்களுக்கு, அவர்களில் எத்தனை பேர் ஐந்து வருஷம் தங்குகிறார்கள் என்று பார்த்து அந்த விகிதத்தில் ஒதுக்கினால் போதும்.

மிச்சம் சில்லறை: இரண்டு செட் யூனிஃபார்ம், ஷூ, கண்ணாடி, காலையும் மாலையும் டீ பன், தீபாவளிக்கு இனிப்பும் துணியும். வருஷத்துக்கு 10,500 ரூபாய் வந்தது. இதைப் பட்டறையின் பொதுச் செலவில் எழுதினாலும் தப்பில்லை. ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

| செலவு | ஒரு வருஷத்துக்கு (ரூபாய்) |
|---|---|
| சம்பளம் | 2,40,000 |
| பிஎஃப், முதலாளி பங்கு 13% | 23,400 |
| இஎஸ்ஐ, முதலாளி பங்கு 3.25% | 7,800 |
| போனஸ் | 15,000 |
| பணிக்கொடை ஒதுக்கீடு | 8,654 |
| யூனிஃபார்ம், டீ, தீபாவளி | 10,500 |
| மொத்தம் | 3,05,354 |

மாதத்துக்கு 25,446 ரூபாய். ஃபிட்டர் வீட்டுக்குக் கொண்டுபோவது 18,050, பட்டறைக்கு ஆகும் செலவு 25,446. இரண்டு பேரும் ஒரே ஆளின் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் வேறு வேறு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

கீழே வருவது: எத்தனை மணி

அந்த வருஷத்தில் 365 நாள், 52 ஞாயிறு. மிச்சம் 313. தமிழ்நாட்டில் 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொழில் நிறுவனங்கள் நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும், ஆக ஒன்பது. ஆனால் 2025 ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது, அதனால் வேலை நாளில் குறைந்தது எட்டுதான். காலண்டரை எடுத்துவைத்து எண்ணாமல் ஒன்பதைக் கழிக்கிறவர்கள் நிறையப் பேர். ஒரு நாள்தானே என்று விடலாம், ஆனால் எண்ணுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

313-ல் 8 போக 305. இதில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுப்பு 14 நாள், பட்டறை வழக்கப்படி கேஷுவல் லீவு 6 நாள். ஃபிட்டர் இருபதையும் எடுத்துவிடுவார் என்று வைத்தோம். ஆக 285 நாள் வருவார், நாளுக்கு 8 மணி, 2,280 மணி. 3,05,354-ஐ 2,280-ஆல் வகுத்தால் மணிக்கு 134 ரூபாய்.

இந்த இடத்தில் ஆபீஸ் பையன் தான் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த எக்செல் கணக்கைக் காட்டினான். முதலாளி பங்கை விட்டவன், விடுப்பை மட்டும் விடாமல் பிடித்திருந்தான். விடுப்பும் விடுமுறையும் சேர்ந்த 28 நாளுக்குச் சம்பளம் 21,538 ரூபாய் என்று மேலே ஒரு வரியாகக் கூட்டியிருந்தான், கீழே வகுக்கும்போதும் 285 நாளால் வகுத்திருந்தான். எக்செல் தப்புக் காட்டாது, கூட்டலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு அந்த 28 நாள் சம்பளம் பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது. நாளைக் குறைத்தபோதே அதன் பாரம் மிச்ச நாட்களின் மேல் ஏறிவிட்டது. மறுபடி பணமாகக் கூட்டினால் ஒரே லீவுக்கு இரண்டு முறை விலை சொல்கிறோம்.

தினக்கூலி ஆளாக இருந்தால் கதை மாறும். வந்த நாளுக்கு மட்டும் கூலியைப் பெருக்கி எழுதியிருந்தால், அந்தத் தொகைக்குள் விடுமுறைச் சம்பளம் இல்லை, அதைத் தனியாகக் கூட்டத்தான் வேண்டும். அதே மாதிரி, ஒருவர் விடுப்பை எடுக்காமல் காசாக வாங்கிக்கொண்டால், பணம் மேலே கூடும், நாள் கீழே குறையாது. எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு இதுதான்: அந்த ஆளுக்காக வருஷம் முழுக்க வெளியே போன மொத்தப் பணத்தை மேலே எழுது, அவர் உண்மையில் வந்த நாளைக் கீழே எழுது, இடையில் வேறு எதையும் நுழைக்காதே.

வந்திருந்த நேரமும் வேலை நடந்த நேரமும்

134-ஐக் கேட்டதும் உரிமையாளர் கொஞ்சம் ஆசுவாசமானார். "130-க்கு 134. நாலு ரூபாய்தானே" என்றார். பெரும்பாலானவர்கள் நின்றுவிடும் இடமும் இதுதான். ஆனால் 134 என்பது ஃபிட்டர் பட்டறை கேட்டுக்குள் இருக்கும் ஒரு மணியின் விலை. வாடிக்கையாளருக்கு விற்பது அதை இல்லை. ஃபிக்ஸ்சர் மேல் கை இருக்கும் மணியைத்தான் விற்கிறோம். 64 மணி என்று மதிப்பிட்டபோது அவர் மனதில் வைத்ததும் கை வேலை நேரத்தைத்தான், டீ குடிக்கும் நேரத்தை அல்ல.

அப்படியானால் எட்டு மணியில் கை எவ்வளவு நேரம் வேலையில் இருக்கிறது? ஜாப் கார்டைக் கேட்டேன். மூன்று மாதக் கார்டுகள் வந்தன. எல்லா நாளும், எல்லா ஃபிட்டருக்கும், மொத்தம் எட்டு மணி. மூன்று மணி, இரண்டரை மணி, ஒன்றரை மணி என்று முழுசு முழுசாக. காத்திருந்ததாக ஒரு வரிகூட இல்லை. பொய் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு, கை கழுவிவிட்டு, அன்றைக்குச் செய்த வேலைகளுக்கு எட்டைப் பங்கிட்டு எழுதியிருக்கிறார்கள். கார்டில் காத்திருப்பு என்று எழுத இடமே இல்லாதபோது வேறு எப்படி எழுதுவார்கள்? கூட்டுத்தொகை எப்போதும் சரியாக வந்து நிற்கும் கார்டை நான் நம்புவதில்லை.

அதனால் பழைய வழிக்குப் போனோம். டிசம்பர் 2 முதல் 28 வரை 24 வேலை நாள். நாளுக்கு நான்கு முறை, முன்கூட்டியே சீட்டுக் குலுக்கி எடுத்த நேரங்களில், சூப்பர்வைசர் ஒரு சிட்டையோடு பெஞ்ச் பக்கம் நடப்பார். கண்ணில் பட்ட அந்த நொடியில் மூன்று ஃபிட்டரும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் ஒரு கோடு போடுவார். நின்று பார்ப்பதோ, ஏன் என்று அதட்டுவதோ கிடையாது. தொடங்கும் முன் மூவரையும் கூப்பிட்டு, இது ஆளைப் பிடிக்க அல்ல, விலை போட என்று சொல்லிவிட்டோம். மூத்த ஃபிட்டர் சிரித்துக்கொண்டே, "அப்ப கிரைண்டர் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுங்க சார், நாங்க அங்கதான் இருப்போம்" என்றார். அதை நான் அப்போது நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மொத்தம் 288 கோடுகள். அதில் ஃபிக்ஸ்சர் மேல் கை இருந்தது 219 முறை. டீ, கை கழுவல், பெஞ்ச் துடைப்பு 24. லாரியில் வந்த பிளேட்டை இறக்குவது போன்ற சில்லறை வேலைகள் 14. காத்திருப்பு 31. எட்டு மணி நேரத்துக்கு விரித்தால், வேலை 365 நிமிஷம், டீயும் துடைப்பும் 40, சில்லறை வேலை 23, காத்திருப்பு 52.

இனி வகுத்தல் சுலபம். செலவு B10-லும் வந்த நாள் B11-லும் வேலை நிமிஷம் B12-லும் இருந்தால்:

```
=B10/(B11*B12/60)
```

285 நாள், நாளுக்கு 365 நிமிஷம் என்றால் 1,734 மணி. 3,05,354-ஐ அதனால் வகுத்தால் 176 ரூபாய்.

அந்த வால்வு பாடி ஃபிக்ஸ்சருக்கு 66 மணி ஆனது, 176 வீதம் 11,616 ரூபாய். வாங்கியது 8,320. ஃபிட்டிங் வரியில் மட்டும் 3,296 ரூபாய் நஷ்டம். வாடகை, கரன்ட், சூப்பர்வைசர் சம்பளம், லாபம் எதுவும் இன்னும் உள்ளே வரவில்லை. 96 என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அதே வேலையில் கிட்டத்தட்ட 2,000 ரூபாய் மிச்சம் தெரிந்தது. காசு எங்கே என்று அவர் கேட்டதற்குப் பதில் இதுதான்.

எது எவ்வளவு ஏற்றியது

96 எப்படி 176 ஆனது என்று படிப்படியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ், பணிக்கொடை, டீ எல்லாம் சேர்ந்து 96-ஐ 122 ஆக்கின, அதாவது 26 ரூபாய். விடுப்பும் விடுமுறையும் 122-ஐ 134 ஆக்கின, 12 ரூபாய். கை சும்மா இருக்கும் நேரம் 134-ஐ 176 ஆக்கியது, 42 ரூபாய்.

கோவையில் எந்தப் பட்டறை முதலாளியிடம் ஆள் செலவைப் பற்றிப் பேசினாலும் முதல் பேச்சு பிஎஃப், இஎஸ்ஐ பற்றித்தான் வரும். அது சலானாக மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டச் சொல்லி வந்து நிற்கிறது, கண்ணில் படுகிறது. 42 ரூபாய்க்கு யாரும் சலான் அனுப்புவதில்லை. பிஎஃப்பில் முதலாளி பங்கு முழுவதையும் அரசு தள்ளுபடி செய்துவிட்டால்கூட இந்த 176, 163 ஆகத்தான் இறங்கும். நாளுக்கு அரை மணி காத்திருப்பைக் குறைத்தாலும் அதே 163-க்கு வந்துவிடலாம். 52 நிமிஷத்தில் அரை மணி.

காத்திருப்புக்கான 31 கோடுகளில் காரணமும் ஓரத்தில் எழுதியிருந்தது. வெட்டின பிளேட் வரவில்லை என்று 7, டிராயிங்கில் சந்தேகம் 6, அளந்து பார்க்க ஹைட் கேஜுக்காக 5. பிளேட்டைத் தேய்த்துச் சமதளமாக்கும் சர்ஃபேஸ் கிரைண்டருக்காக 13. மூத்த ஃபிட்டர் சிரித்தது காரணத்தோடுதான். பட்டறையில் ஒரே கிரைண்டர், ஒரே ஆப்பரேட்டர். மூன்று ஃபிட்டரும் காலையில் ஒரே நேரத்தில் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போவார்கள்.

எந்தச் சும்மா நேரம் விலைக்குள் வரும்

இந்த இடத்தில் என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி: எல்லாச் சும்மா நேரத்தையும் வாடிக்கையாளர் தலையில் கட்டலாமா? கூடாது. டீ, துடைப்பு, வழக்கமான காத்திருப்பு, மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் பராமரிப்பு மின்தடை, இவை எந்த வருஷமும் இருக்கும், விலைக்குள் வரட்டும். ஆனால் அந்த வருஷம் ஒரு வாடிக்கையாளர் வார்ப்பு மாதிரியை அனுப்பாமல் 11 நாள் இழுத்தடித்ததில் ஒரு ஃபிட்டர் பெரும்பாலும் சும்மா இருந்தார். அது வழக்கத்துக்கு மாறானது. இந்தியக் காஸ்ட் அக்கவுண்டன்ட் நிறுவனத்தின் ஆள் செலவுக்கான தரநிலையும் (சிஏஎஸ்-7) வழக்கத்துக்கு மாறான செலவை ஆள் செலவில் சேர்க்கக் கூடாது என்கிறது. அதை அந்த வாடிக்கையாளரிடம் கேட்க முடிந்தால் கேட்கலாம், முடியாவிட்டால் லாப நஷ்டக் கணக்கில் தனியாக எழுதி விழுங்க வேண்டியதுதான். அடுத்த வாடிக்கையாளரின் கொட்டேஷனுக்குள் அதைச் சொருகுவது அவரிடம் வேறு ஒருவரின் கடனை வசூலிப்பது மாதிரி.

ஆர்டர் குறைந்த மாதமும் இந்த வகையில்தான் சேரும். தீபாவளி முடிந்த அந்த நவம்பரில் ஒரு ஃபிட்டருக்கு விற்ற மணி 90-தான். மாதச் செலவு 25,446-ஐ 90-ஆல் வகுத்தால் மணிக்கு 283 ரூபாய். பையன் அதையும் போட்டுப் பார்த்திருந்தான். 283 என்று கொட்டேஷன் அனுப்பினால் இருக்கிற ஆர்டரும் போகும், அடுத்த மாதம் 60 மணிதான் விற்கும், அப்போது விலை 424 ஆகும். இப்படி விலையை ஏற்றி ஏற்றியே கடையைச் சாத்தியவர்கள் இருக்கிறார்கள். அதனால் வகுக்கும் எண் ஒரு சாதாரண வருஷத்தின் மணியாக இருக்க வேண்டும், நேற்றைய மாதத்தின் மணியாக இருக்கக் கூடாது.

மாறாக, ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த நவம்பரில் ஒருவர் 140-க்கு வேலை கொடுத்தால் வாங்கலாமா? வாங்கலாம். சம்பளம் எப்படியும் போகிறது, பொருள் செலவும் கரன்ட்டும் போக வருவதெல்லாம் வரவு. 176 என்பது வருஷம் முழுக்கப் பட்டறை நடக்கத் தேவையான எண், அன்றைக்கு அந்த ஒரு வேலையை மறுக்கச் சொல்லும் எண் இல்லை. ஒரே ஆபத்து, அந்த வாடிக்கையாளர் மார்ச் மாதமும் அதே 140-ஐக் கேட்பார்.

ஓடி, அதாவது ஓவர்டைம் விஷயத்திலும் இதே மாதிரி ஒரு திருப்பம் உண்டு. அப்போதிருந்த ஃபேக்டரி சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். மொத்தச் சம்பளத்தின் மேல் கணக்கிட்டால் 192 ரூபாய், இஎஸ்ஐ ஓடிக்கும் உண்டு, ஆக 198. பிஎஃப் கிடையாது. விடுப்பு, போனஸ், பணிக்கொடை எதுவும் அதனால் கூடுவதில்லை. மாலையில் கிரைண்டர் காலியாக இருப்பதால் அந்த நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு கை வேலை நடக்கிறது என்று வைத்தால் 220. "ஓடின்னா டபுள்" என்று பயந்து டெலிவரியைத் தள்ளிவைத்தவருக்கு, சாதாரண மணி 176, ஓடி மணி 220 என்று தெரிந்தபோது கொஞ்சம் கோபமே வந்தது.

176-ஐ எவ்வளவு நம்பலாம்

288 கோடுகளில் 219 என்பது 76 சதவீதம். இத்தனை கோடுகளுக்கு ஐந்து புள்ளி மேலேயோ கீழேயோ இருக்க வாய்ப்புண்டு, 71 முதல் 81 வரை. அதை விலையாக மாற்றினால் 189 முதல் 165 வரை. எனவே பைசா வரைக்கும் போட்டு 176.12 என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த எல்லையின் கீழ் முனைகூட 130-ஐ விட எங்கோ மேலே இருக்கிறது. பழைய விலை தப்பு என்று சொல்ல இந்த அளவு துல்லியம் போதும்.

ஜனவரியில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். மறுநாள் வேண்டிய பிளேட்டுகளை முந்தின மாலையே கிரைண்டர் ஆப்பரேட்டரிடம் சீட்டோடு வைத்துவிட வேண்டும், அவர் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து தேய்த்து வைப்பார், மாலை ஒரு மணி முன்னதாகப் போவார். பிப்ரவரி 3 முதல் மார்ச் 1 வரை மறுபடி 24 நாள், மறுபடி 288 கோடு. வேலையில் கை இருந்தது 230, அதாவது 80 சதவீதம். அதன்படி மணி விலை 168. நான்கு புள்ளி வித்தியாசம் அளவைத் தவறுக்குள்ளேயே அடங்கிவிடும், அதை வைத்து மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் கிரைண்டர் முன்னால் நின்ற கோடுகள் 13-லிருந்து 4 ஆக இறங்கியிருந்தன. மாற்றிய இடத்திலேயே எண் மாறியிருப்பதால் நம்பினோம்.

ஏப்ரலில் சம்பள உயர்வு வந்தது. 21,500: பேசிக்கும் டிஏவும் 16,000, எச்ஆர்ஏ 5,500. இங்கே இரண்டு மூன்று விஷயம் ஒரே நேரத்தில் அசைந்தன. இஎஸ்ஐ உச்சவரம்பு 21,000, அதைத் தாண்டியதாலும் ஏப்ரலில் புதிய பங்களிப்புக் காலம் தொடங்குவதாலும் 7,800 ரூபாய் செலவிலிருந்து விழுந்துவிட்டது. ஃபிட்டருக்கு அது நல்ல செய்தியல்ல, மனைவி மக்களுக்கும் சேர்த்து ஆஸ்பத்திரி வசதி போகிறது. உரிமையாளர் ஆளுக்கு 3,000 ரூபாயில் குழு மருத்துவக் காப்பீடு எடுத்தார். பிஎஃப்பை 15,000 உச்சவரம்பிலேயே நிறுத்தியதால் மாற்றமில்லை.

பணிக்கொடைதான் ஆச்சரியப்படுத்தியது. அது கடைசியாக வாங்கும் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படுவது. பேசிக் 1,000 கூடியபோது இந்த வருஷத்து ஒதுக்கீடு மட்டும் 9,231 ஆகவில்லை, கடந்த ஏழு வருஷத்துக்கும் வருஷம் 577 வீதம் 4,038 ரூபாய் கூடியது. வருஷா வருஷம் ஒழுங்காக ஒதுக்கி வந்தாலும் ஒவ்வொரு உயர்விலும் பழைய பாக்கி ஒன்று கிளம்பும்.

எல்லாம் கூட்டினால் 3,24,169 ரூபாய். அதே 285 நாள், பிப்ரவரியில் கண்ட 80 சதவீதப்படி நாளுக்கு 383 நிமிஷம் என்று வைத்தால் மணிக்கு 178. சம்பளம் ஏழரை சதவீதம் ஏறியும் மணி விலை பழைய 176-லிருந்து இரண்டு ரூபாய்தான் நகர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளமாகவே கணக்காகும். இங்கே பேசிக்கும் டிஏவும் முக்கால் பங்கு என்பதால் அது இவரைத் தொடவில்லை. பேசிக்கை 6,000-ல் வைத்து மிச்சத்தைப் படிகளாகப் பிரித்திருந்த பக்கத்துப் பட்டறைக்காரர்தான் இப்போது முதல் வரியிலிருந்து மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஃபிட்டிங்குக்கு இப்போது நம் உரிமையாளர் சொல்லும் விலை 235. 178-க்கு மேல் வாடகை, சூப்பர்வைசர், கரன்ட் ஆகியவற்றின் பங்கும் லாபமும். பழைய வாடிக்கையாளர் ஒருவர், "என்னங்க, ஒரேயடியா 100 ரூபாய் ஏத்திட்டீங்க" என்றார். அவரிடம் தாளைக் காட்டவில்லை. டிராயிங்கை விரித்து, இரண்டு டவல் பின் இடங்களை மெஷினிலேயே முடித்துவிட்டால் ஃபிட்டிங்கில் 9 மணி குறையும் என்று காட்டினார். ஆர்டர் 55 மணிக்கு, 235 ரூபாய் விலையில் வந்தது.